உடலின் மூன்று ஆற்றல் வழிகள்: விரிவுரையை அட்டவணையாக்கும் முறை

ஓடும்போதும் தாண்டும்போதும் தசைகளுக்கு வேண்டிய ஆற்றல் எவ்வாறு கிடைக்கிறது என்பது, உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புக்களில் தவறாது இடம்பெறும் பொருளாகும். ஒரு மணி நேர விரிவுரையைக் கேட்ட ஆசிரியர், பள்ளிக்குத் திரும்பியதும் அதனைக் கரும்பலகையில் ஓர் அட்டவணையாகச் சுருக்கி எழுதுவது வழக்கம். கால அளவு, எரிபொருள், எடுத்துக்காட்டு என்னும் மூன்று பத்திகள் அதில் இருக்கும். சுருக்கம் மாணவருக்குப் பயன்படுவதே. ஆயினும், விரிவுரையாளர் சொன்ன ஒரு முக்கியமான கருத்து இவ்வாறு சுருக்கும்போது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அது விடுபட்ட அட்டவணையைக் கொண்டு பயிற்சியை வகுத்தால், மாணவன் மாதக்கணக்கில் வேண்டாத பயிற்சியைச் செய்ய நேரிடும். அக்கருத்து யாது என்பதையும், அதனை அட்டவணையில் எவ்வாறு காப்பது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விரிவுரையின் சாரம்

தசை சுருங்குவதற்கு நேரடியாகப் பயன்படும் பொருள் ஒன்றே. அது அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது, சுருக்கமாக ஏ.டி.பி. எனப்படும். தசையில் இதன் இருப்பு மிகச் சிறிது. முழு வேகத்தில் இரண்டு மூன்று வினாடிகளுக்கே போதுமானது. ஆகவே செலவாகும் ஏ.டி.பி.யை உடல் அவ்வப்போதே மீண்டும் ஆக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு ஆக்கும் வழிகள் மூன்று.

முதலாவது பாஸ்பேட் வழி. தசையிலுள்ள கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யை உடனே புதுப்பிக்கிறது. வேகத்தில் இதற்கு நிகரானது வேறில்லை. ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். இப்பொருளை 1927-ஆம் ஆண்டில் கண்டறிந்து அறிவித்தவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இவர் ஆந்திரப் பகுதியிலுள்ள பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக் கழகத்தில் சைரஸ் பிஸ்க் என்பாருடன் ஆராய்ச்சி நடத்தியவர்.

இரண்டாவது சர்க்கரைச் சிதைவு வழி. தசையில் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து, பிராணவாயுவின் உதவியின்றியே விரைந்து சிதைந்து ஏ.டி.பி.யை அளிக்கிறது. மூன்றாவது பிராணவாயு வழி. கிளைக்கோஜனும் கொழுப்பும் பிராணவாயுவுடன் சேர்ந்து முற்றிலும் எரிகின்றன. இவ்வழி வேகம் குறைந்தது; ஆனால் மணிக்கணக்கில் நீடிக்க வல்லது.

அட்டவணையை அமைத்தல்

அட்டவணை எழுதப் புகுமுன் இரண்டு முடிவுகளைச் செய்துகொள்ள வேண்டும். முதலாவதாக, ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆற்றல் வழியைக் குறிக்க வேண்டுமேயன்றி, ஒரு விளையாட்டைக் குறித்தலாகாது. இரண்டாவதாக, கால அளவு என்னும் பத்திக்கு முழுத் தலைப்பு வேண்டும். ‘எவ்வளவு நேரம்’ என்று மட்டும் எழுதினால், எந்த முயற்சியில் என்ற கேள்வி நிற்கும். மெதுவாக நடப்பவனுக்கு முதல் நிமிடத்திலேயே பிராணவாயு வழி பெரும்பங்கு அளிக்கிறது. ஆகவே ‘முழு முயற்சியில்’ என்னும் சொற்கள் தலைப்பில் இன்றியமையாதவை. இவ்விரண்டையும் கருத்திற்கொண்டால் அட்டவணை பின்வருமாறு அமையும்.

| ஆற்றல் வழி | முழு முயற்சியில் முதன்மை பெறும் கால அளவு (ஏறத்தாழ) | எரிபொருள் | எடுத்துக்காட்டு |
|---|---|---|---|
| பாஸ்பேட் வழி | தொடக்கம் முதல் 10 வினாடிக்குள் | தசையிலுள்ள ஏ.டி.பி., கிரியாட்டின் பாஸ்பேட் | குண்டு எறிதல், நீளம் தாண்டுதல், 100 மீட்டர் ஓட்டத்தின் முற்பகுதி |
| சர்க்கரைச் சிதைவு வழி | 10 வினாடி முதல் ஒன்றேகால் நிமிடம் வரை | தசைக் கிளைக்கோஜன் | 200 மீட்டர் ஓட்டம். ஒரு நிமிடத்துக்குள் முடிக்கும் 400 மீட்டர் ஓட்டம் |
| பிராணவாயு வழி | ஒன்றேகால் நிமிடத்துக்கு மேற்பட்டவை | கிளைக்கோஜன், கொழுப்பு | 1500 மீட்டர், 5000 மீட்டர், மாரத்தான் |

இரண்டாம் வரிசையின் எடுத்துக்காட்டில் ‘ஒரு நிமிடத்துக்குள் முடிக்கும்’ என்று சேர்த்திருப்பதை ஆசிரியர் கவனிக்க வேண்டும். தேர்ந்த வீரர் 400 மீட்டரை 50 வினாடிக்குள் ஓடி முடிப்பார். பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு அதே தூரம் 90 வினாடி ஆகலாம். அப்போது அவனைப் பொறுத்தவரை அவ்வோட்டம் மூன்றாம் வரிசைக்கு உரியதாகிவிடுகிறது. உடல் அறிவது தூரத்தை அன்று, காலத்தையும் முயற்சியையுமே.

சில பழைய குறிப்புகளில் ‘கழிவுப் பொருள்: லாக்டிக் அமிலம்’ என்று மற்றொரு பத்தி காணப்படும். அதனை விட்டுவிடுதல் நன்று. கடும் முயற்சியில் தோன்றும் லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் தோன்றும் தசைவலிக்கு அது காரணமன்று. தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவே காரணம்.

விடுபட்டுப் போகும் கருத்து

மேற்கண்ட அட்டவணையைப் படிக்கும் மாணவன், பத்தாவது வினாடியில் ஒரு வழி நின்று அடுத்தது தொடங்குவதாக எண்ணிக்கொள்வான். அட்டவணையின் கோடுகளே அவ்வெண்ணத்தை உண்டாக்குகின்றன. உண்மையில் மூன்று வழிகளும் முதல் வினாடியிலிருந்தே ஒருங்கே இயங்குகின்றன. மாறுவது அவற்றின் பங்கு மட்டுமே. விடுபட்டுப் போகும் கருத்து இதுதான்.

பங்கு எவ்வாறு மாறுகிறது என்பதை ஸ்பென்சர், காஸ்டின் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீடுகள் தெளிவாக்குகின்றன. பயிற்சி பெற்ற ஆண் ஓட்டக்காரர்களிடம் அவை எடுக்கப்பெற்றன.

| ஓட்டம் | எடுத்துக்கொண்ட காலம் (ஏறத்தாழ) | பிராணவாயு வழியின் பங்கு |
|---|---|---|
| 200 மீட்டர் | 22 வினாடி | 29 சதவீதம் |
| 400 மீட்டர் | 49 வினாடி | 43 சதவீதம் |
| 800 மீட்டர் | 1 நிமிடம் 53 வினாடி | 66 சதவீதம் |
| 1500 மீட்டர் | 3 நிமிடம் 55 வினாடி | 84 சதவீதம் |

இருபத்திரண்டு வினாடியே நீடிக்கும் ஓட்டத்திலும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிராணவாயு வழியாகக் கிடைத்திருக்கிறது. ‘இரண்டு நிமிடத்துக்குப் பின்னரே பிராணவாயு வழி தொடங்கும்’ என்று பழைய குறிப்புகளில் காணும் வாக்கியம் பொருந்தாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆகவே முதல் அட்டவணையின் கீழ், ‘மூன்று வழிகளும் எப்போதும் இயங்கும், முதன்மையானது மட்டுமே இங்குக் குறிக்கப்பட்டுள்ளது’ என்னும் ஒரு வரியை எழுதிவைக்க வேண்டும்.

ஓர் இறகுப்பந்து ஆட்டம்

தொடர்ந்து ஓடும் பந்தயங்களை அட்டவணையில் சேர்ப்பது எளிது. விட்டுவிட்டு ஆடும் விளையாட்டுக்களிலேதான் தவறு நேர்கிறது. ஐதராபாத் நகரைச் சேர்ந்த பி. வி. சிந்து, 2017 ஆகஸ்டு 27 அன்று கிளாஸ்கோ நகரில் ஜப்பானைச் சேர்ந்த நொசோமி ஒகுஹாராவுடன் ஆடிய உலக இறகுப்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அவ்வாட்டம் 110 நிமிடம் நீடித்தது. ஒகுஹாரா 21-19, 20-22, 22-20 என்ற கணக்கில் வென்றார்.

‘110 நிமிடம்’ என்பதை மட்டும் பார்க்கும் ஆசிரியர், ஐயமின்றி இதனை மூன்றாம் வரிசையில் மாரத்தானுக்கு அருகில் எழுதிவிடுவார். மாணவரையும் நீண்ட மெதுவான ஓட்டத்துக்கு அனுப்புவார். ஆட்டத்தைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் வேறு உண்மை புலப்படும். மூன்று பகுதிகளிலும் சேர்த்து ஆடப்பெற்ற புள்ளிகள் 124. 110 நிமிடம் என்பது 6600 வினாடி. அதில் விதிப்படி உரிய இடைவேளைகள், அதாவது ஒவ்வொரு பகுதியிலும் 11-ஆவது புள்ளியில் 60 வினாடியும் பகுதிகளுக்கு இடையே 120 வினாடியும், மொத்தம் 420 வினாடி ஆகின்றன. எஞ்சிய 6180 வினாடியை 124 ஆல் வகுத்தால், ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 50 வினாடி வருகிறது. இந்த 50 வினாடிக்குள் ஆடும் நேரமும் அடுத்த பந்து எழும் வரையுள்ள ஓய்வும் அடங்கும். ஆக, இது 110 நிமிட ஓட்டமன்று. குறுகிய கடும் முயற்சிகளும் குறுகிய ஓய்வுகளும் மாறிமாறி வருவதொரு தொடராகும்.

ஒவ்வொரு பாய்ச்சலுக்கும், துள்ளி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஆற்றல் தருவது பெரும்பாலும் பாஸ்பேட் வழியே. இரண்டாம் பகுதியின் கடைசிப் புள்ளியைச் சிந்து 73 அடிகள் கொண்ட நெடிய பரிமாற்றத்துக்குப் பின் வென்றார். அடிக்கு ஏறத்தாழ ஒரு வினாடி எனக் கொண்டால் அது ஒரு நிமிடத்தைத் தாண்டும். அங்கே சர்க்கரைச் சிதைவு வழியும் பெரும்பங்கு கொண்டிருக்க வேண்டும். ஆனால் செலவான கிரியாட்டின் பாஸ்பேட் மீண்டும் நிறைவது எவ்வாறு? ஓய்வின்போது பிராணவாயு வழியாக ஆக்கப்படும் ஏ.டி.பி.யே அதனை நிறைக்கிறது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதியளவு நிறைகிறது. முற்றிலும் நிறையச் சில நிமிடங்கள் வேண்டும். எனவே முதல் வரிசையின் எரிபொருளை ஆட்டம் முழுதும் காப்பது மூன்றாம் வரிசையே ஆகும். இவ்விரண்டும் வெவ்வேறு வகை வீரர்களுக்கு உரியவை என்று அட்டவணை காட்டுவதாகக் கொண்டால், அது பொருள் மயக்கமாகும்.

பயிற்சியில் சரிபார்க்கும் வழி

இவ்வாறு படித்த அட்டவணையிலிருந்து பயிற்சி முறை தானே பெறப்படும். இறகுப்பந்து பயிலும் மாணவருக்கு 10 வினாடி விரைந்த பலதிசை ஓட்டமும் 20 வினாடி ஓய்வும் மாறிமாறிக் கொடுத்து, இடையிடையே ஒரு நிமிடம் நீடிக்கும் முயற்சிகளைச் சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் அதே பாதையை மாணவன் எத்தனை வினாடியில் முடிக்கிறான் என்பதை ஆசிரியர் குறித்துவர வேண்டும். முதல் முயற்சியே மெதுவாக இருப்பின் வேகப் பயிற்சி போதவில்லை எனக் கொள்ளலாம். முதல் முயற்சி விரைவாக இருந்து, நான்கைந்து முறைக்குள் காலம் வெகுவாகக் கூடுமானால், ஓய்வில் எரிபொருள் நிறையவில்லை என்பது பொருள். அம்மாணவனுக்கு ஓய்வை நீட்டிக் கொடுப்பதோடு, பிராணவாயு வழியை வலுப்படுத்தும் ஓட்டங்களையும் சேர்க்க வேண்டும்.

கபடிக்கும் இதே முறையில் கணக்குப் பார்க்கலாம். ஆட்டம் 40 நிமிடம் நடப்பினும், ஒருவர் பாடிச் செல்வதற்கு விதி அளிக்கும் காலம் 30 வினாடியே. அதிலும் தொடுவதற்கும் தப்புவதற்கும் பாயும் பாய்ச்சல் ஓரிரு வினாடியே ஆகும். அட்டவணையில் கபடியை எழுத விரும்பும் ஆசிரியர், ஆட்டத்தின் பெயரை விடுத்து, ‘பாடிச் சென்று தொட்டுத் தப்புதல்’ என முதல் வரிசையிலும், ‘அடுத்த பாட்டுக்குமுன் தேறுதல்’ என மூன்றாம் வரிசையிலும் எழுதுவாராயின் அட்டவணை பிழையின்றி அமையும்.