லிஃப்ட் நின்றது, பார்க்கிங் போனது: வாடகையைக் குறைக்கச் சொல்வது எப்படி?

திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் அடுக்குமாடியில் வாடகைக்குப் போகிறவர்களிடம் "லிஃப்ட் இருக்கு, கீழே வண்டி விட இடம் இருக்கு" என்று சொல்லித்தான் வாடகை பேசுவார்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டிய தெருக்களில் வண்டியை வெளியே விட்டால் உரசலும் உப்புக்காற்றின் துருவும் நிச்சயம். ஒரு வருடம் கழித்து வீட்டுக்காரர் கீழ்த்தளத்தைச் சரக்கு வைக்க யாருக்கோ விட்டுவிடுகிறார். லிஃப்ட் பழுதாகிப் பல மாதங்களாக நிற்கிறது. வாடகை மட்டும் அப்படியே. இதில் குடியிருப்பவர் என்ன செய்யலாம்?

முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன். நீங்களாகவே வாடகையைக் குறைத்துக் கொடுக்காதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸுக்குப் பிறகும் கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல அது வழி தருகிறது. மாதம் மூவாயிரம் குறைத்துக் கொடுத்தால் அந்தத் தொகை பாக்கியாகவே எழுதப்படும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

அடுத்து ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தில் "ஒரு கார் பார்க்கிங்", "பொது லிஃப்ட் வசதி" என்று எழுதியிருந்தால் அதுவே பெரிய சான்று. எழுதியிருக்காவிட்டால் புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வாடகை விளம்பரம், பராமரிப்புக் கட்டண ரசீது ஆகியவற்றைத் தேடி வையுங்கள். ஒப்பந்தம் tenancy.tn.gov.in தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு போனால் வாதம் பலவீனமாகிவிடும்.

இழப்புக்கு விலை போடும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சட்டத்தில் இதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. நீங்கள் காட்டும் கணக்கே பேசும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மூன்றாவது மாடி, வாடகை 14,000 ரூபாய். அதே தெருவில் அதே அளவு வீடு, பார்க்கிங் உண்டு, லிஃப்ட் இல்லை, வாடகை 13,000. அப்படியானால் லிஃப்டின் மதிப்பு 1,000. பக்கத்தில் மூடிய இடத்தில் கார் விட மாதம் 2,000 கேட்கிறார்கள். ஆக 3,000 குறைத்து 11,000 கேட்கலாம். ஒப்பிடும் வீட்டில் பார்க்கிங்கும் இல்லையென்றால், அந்த வாடகை வித்தியாசத்திலேயே இரண்டும் அடங்கிவிடும். பார்க்கிங்கைத் தனியாக மறுபடி சேர்க்கக் கூடாது. பராமரிப்புக் கட்டணத்தில் லிஃப்டின் மின்சாரமும் சர்வீஸும் அடங்கியிருந்தால், அந்தப் பங்கைத் தனியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

பிறகு கடிதம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, ஒப்பந்தத்தின்படி தந்த கார் நிறுத்துமிடம் இந்தத் தேதியிலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை. லிஃப்ட் இந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை. இவற்றை 15 நாட்களுக்குள் திரும்பத் தர வேண்டுகிறேன். இயலாவிட்டால் வாடகையை இந்தக் கணக்கின்படி 11,000 ரூபாயாகக் குறைத்துத் தர வேண்டுகிறேன்" என்று சுருக்கமாக எழுதினால் போதும். அடைபட்ட இடத்தையும், நிற்கும் லிஃப்டையும் தேதியோடு படம் எடுத்து இணையுங்கள். உதிரிபாகம் வரும்வரை இரண்டு வாரம் நிற்பதைப் பழுது என்பார்கள். மாதக் கணக்கில் யாரையும் கூப்பிடாமல் நிறுத்தி வைத்திருப்பதுதான் வசதியைப் பறிப்பது. அந்த வித்தியாசத்தைக் காட்டும்படி தேதிகள் இருக்க வேண்டும். லிஃப்டை நடத்துவது குடியிருப்போர் சங்கம் என்றால் வீட்டுக்காரர் "என் கையில் இல்லை" என்பார். உங்கள் ஒப்பந்தம் அவரோடுதான். சங்கத்துக்கு அவரே எழுதட்டும் என்று கேளுங்கள்.

பதில் வராவிட்டால் வாடகை அதிகாரியிடம் மனு போடலாம். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவரை மாவட்ட ஆட்சியர் இதற்கு நியமிக்கிறார். உங்கள் பகுதிக்கு யார் என்பதை tenancy.tn.gov.in தளத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ அறியலாம். வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ மனு செய்தால், வாடகையை நிர்ணயிக்கவும் திருத்தவும், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று சொல்லவும் வாடகை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அவசியமான வசதியை வேண்டுமென்றே நிறுத்தினால் திரும்பத் தரச் சொல்லவும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. ஒன்றிய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் லிஃப்டையும் பார்க்கிங்கையும் அத்தியாவசிய வசதிகளாகவே சொல்கிறது. அது மாதிரிதான், இங்கே நேரடியாகச் செல்லாது. ஆனாலும் வாதத்துக்கு உதவும்.

கட்டட அனுமதியில் வண்டி நிறுத்தக் காட்டிய இடத்தைக் குடோனாக்குவது அனுமதி மீறல். அதற்கு மாநகராட்சியிடம் தனிப் புகார் கொடுக்கலாம்.

மனு முடியும்வரை முழு வாடகையையும் வங்கி வழியாகவே கட்டி வாருங்கள்.