சரக்கு வந்தது, பில் வரவில்லை!

மார்ச் 29-ல் 50 கிலோ துவரம் பருப்பு 20 மூட்டை கடையில் இறங்குகிறது. கிலோ 120 ரூபாய் என்று பேச்சு. சீட்டு மட்டுமே வந்தது. பில் ஏப்ரல் 5-ல்தான் வரும். 31-ந் தேதி இருப்பு எடுக்கையில் மீதி 6 மூட்டையையும் எண்ணிவிடுகிறோம். விற்ற 14 மூட்டையும் விற்பனையில் ஏறிவிட்டது. கொள்முதல் மட்டும் ஏறவில்லை. ஆகவே லாபம் 1,20,000 ரூபாய் கூடுதலாகத் தெரியும். அதற்கு வரியும் கட்ட நேரும்.

இதைத் தவிர்க்க, மார்ச் 31-ல் கொள்முதல் கணக்கில் 1,20,000 பற்று எழுதி, 'பில் வராத சரக்கு' என்ற கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஐந்தொகையில் இது கடனாக நிற்கும். விலை பேசாவிட்டால் முந்தைய பில்லின் விலையைக் கொள்ளலாம். ஜி.எஸ்.டி. உள்ள சரக்கானால் வரியைச் சேர்க்காமல் எழுதுவோம். பில் கைக்கு வந்த பிறகே உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும்.

ஏப்ரல் 1-ல் அதே பதிவைத் திருப்பி எழுத வேண்டும். பிறகு பில் 1,21,000-க்கு வந்தால் வழக்கம்போல் முழுத்தொகையையும் ஏற்றலாம். புது ஆண்டில் நிகரமாக 1,000 மட்டுமே நிற்கும். திருப்ப மறந்தால் ஒரே பருப்பு இரு முறை கொள்முதலாகிவிடும்.

விடுபட்டதைக் கண்டுபிடிக்க, மார்ச் கடைசி வாரச் சரக்கு வரவுப் பதிவேட்டைப் பில் கோப்போடு ஒப்பிட்டு, ஏப்ரல் பில்களில் சரக்கு இறங்கிய தேதியையும் பார்த்தால் போதும்.