பச்சையும் சிவப்பும் பிரிந்து தெரிகின்றனவா?

வரைபடத்தின் நிறங்கள் நிறப்பார்வைக் குறையுள்ளவருக்கு எப்படித் தெரியும் என்பதைக் கணினியால் ஏறக்குறையக் கணித்துக் காட்ட முடியும். மனித விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. நடுத்தர அலைநீள ஒளிக்கான வகை செயல்படாத நிலை டியூட்டரனோபியா; நீண்ட அலைநீளத்துக்கானது செயல்படாத நிலை புரோட்டனோபியா. ஒரு வகை இல்லாதபோது எஞ்சும் நிறம் எது என்று கணக்கிட, மச்சாடோ, ஒலிவேரா, ஃபெர்னாண்டஸ் மூவரும் 2009இல் வெளியிட்ட அணிகள் பரவலாகப் பயன்படுகின்றன. குரோம் உலாவியில் டெவலப்பர் கருவிகளின் Rendering பகுதியிலேயே இத்தகைய காட்சியைப் பார்க்கலாம்.

மேட்பிளாட்லிப் மென்பொருள் இயல்பாகத் தரும் பச்சையையும் (`#2ca02c`) சிவப்பையும் (`#d62728`) எடுத்துக்கொள்வோம். டியூட்டரனோபியா கணக்கில் பச்சை ஏறத்தாழ 150, 136, 56 என்ற சிவப்பு, பச்சை, நீல அளவுகளுக்கும், சிவப்பு 139, 124, 31 என்பதற்கும் வந்து சேர்கின்றன. இரண்டுமே மங்கிய பழுப்பு. அகலமான பட்டைகளை அருகருகே வைத்தால் சிறு வேறுபாடு தெரியலாம். மெல்லிய கோடுகளில் எது எதுவென்று சொல்வது கடினம்.

இதே இணை புரோட்டனோபியா காட்சியில் தப்பிவிடுகிறது. அங்கே சிவப்பு நன்றாக இருண்டுவிட, பச்சை வெளிச்சமாக நிற்கிறது. ஆகவே ஒரு காட்சியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

பார்க்கும் முறையிலும் கவனம் தேவை. வரைபடத்தை வரைந்தவருக்கு மூல நிறங்கள் நினைவிலிருப்பதால் வேறுபாடு இருப்பதாகவே தோன்றும். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் மாற்றிய படத்தை மட்டும் கொடுத்து, குறிவிளக்கத்திலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் உரிய கோட்டைக் காட்டச் சொல்வதே நம்பகமான சோதனை. அவர் தயங்கும் இடமே பழுதான இடம்.

பழுதை நீக்க, மசாடகா ஒகாபேயும் கெய் இடோவும் வகுத்த நிறத்தொகுதியிலிருந்து நீலச்சாயல் கொண்ட பச்சையையும் (`#009E73`) செம்மஞ்சளை ஒட்டிய சிவப்பையும் (`#D55E00`) இடலாம். டியூட்டரனோபியா காட்சியில் முதலாவது சாம்பலாகவும் இரண்டாவது அடர்மஞ்சளாகவும் மாறுகின்றன. சிவப்பு–பச்சை வேறுபாடு மறைந்தாலும் நீலத்தின் அளவிலுள்ள வேறுபாடு எஞ்சுவதே காரணம்.

இந்தக் கணக்கு கூம்பு வகை ஒன்று முற்றிலும் செயல்படாத நிலைக்கானது. குறையுள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பாதிப்பு இதைவிட மிதமானது. எனவே கடுமையான நிலையில் பிரிந்து தெரியும் நிறங்கள் பொதுவாக அவர்களுக்கும் பிரிந்தே தெரியும். கோடுகள் ஏழெட்டு ஆகிவிட்டால் எந்த நிறத்தொகுதியும் திணறும். அப்போது ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அதன் பெயரையே எழுதிவிடுவது நல்லது.