கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்த குரல்

1996-ல் சிதம்பரம் கீழவீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு விளம்பரம் எழுதினேன். தென்னார்க்காடு பிரிந்து கடலூர் தனி மாவட்டமாகி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து உள்ளூர் கேபிளுக்கு எழுதிக் கொடுப்பது அப்போது என் தொழில். அந்த விளம்பரத்தில் கடைக்காரர் ஆறு வினாடி வந்தார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று கைகூப்பிச் சிரித்தார். வாய் திறக்கவில்லை. பேசியது வேறொருவர்.

அந்த வேறொருவருக்குக் குண்டான, உருண்டு வரும் குரல். எங்கள் கரையோரத்தில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கே. எஸ். ராஜாவையும் பி. எச். அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அறிவிப்பு என்றால் அந்தத் தோரணைதான். நானும் அதற்கு ஏற்றபடியே எழுதினேன்: “தரமான பாத்திரங்களுக்கும் நியாயமான விலைக்கும் சிதம்பரத்தில் நீங்கள் நாடவேண்டிய ஒரே இடம்.” நாடவேண்டிய என்ற சொல்லை அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை. யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. விளம்பரம் என்பது கடையின் பேச்சு அல்ல. கடையைப் பற்றிய அறிவிப்பு.

இன்று அதே கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மகன் கைப்பேசியை நிமிர்த்திப் பிடிக்கிறான், சட்டையில் சுண்டுவிரல் நுனி அளவு மைக்கைச் செருகுகிறான், “அப்பா, நீங்க பேசுங்க” என்கிறான். நடிகைதான் நகைக்கடைக்கு முகம் என்றிருந்த காலம் போய், லலிதா ஜுவல்லரியின் கிரண்குமார் தானே திரையில் நின்று பேச, ஊர் முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது. அதைப் பார்த்த சிறு கடைகளுக்கும் துணிச்சல் வந்தது. ஆனால் துணிச்சல் வருவது ஒன்று, வாயில் வாக்கியம் வருவது வேறு. அதற்காகத்தான் என்னை மறுபடி கூப்பிட்டார்கள்.

முதலில் பழைய பழக்கத்திலேயே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனேன். “எங்க கடையில பாரம்பரிய முறையில செஞ்ச தரமான ஈயச்சொம்பு நியாயமான விலையில கிடைக்கும்.” பேச்சுத்தமிழ்தானே, எளிதாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதை மூன்றாம் வகுப்புப் பையன் திருக்குறள் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். “கிடைக்கும்” வரும்போது மூச்சு தீர்ந்து, குரல் மேலே போய் நின்றது. ஒன்பது முறை எடுத்தோம். ஒன்பதாவது முதலாவதைவிட மோசம்.

தவறு அவருடையது அல்ல. இருக்கிறது என்பதை இருக்கு என்றும், கடையில் என்பதைக் கடையில என்றும் மாற்றிவிட்டால் பேச்சாகிவிடாது. தோல்தான் மாறியிருந்தது, எலும்பு எழுத்துத்தமிழின் எலும்பு. பேசும்போது யாரும் ஒரு பெயருக்கு முன்னால் மூன்று அடைமொழிகளை அடுக்கி, வினையைக் கடைசிவரை காக்க வைப்பதில்லை. ஒரு விஷயம், ஒரு வினை, ஒரு மூச்சு. பிறகு அடுத்தது.

மறுநாள் தாளை எடுத்துக்கொள்ளாமல் போனேன். கடையோரம் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஈயச்சொம்பு வாங்க நான்கு பேர் வந்தார்கள். நால்வரிடமும் அவர் ஒரே விஷயத்தைச் சொன்னார். ஈயம் 232 டிகிரியில் உருகிவிடும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் சில நிமிடங்களில் அடி போய்விடும். டிகிரிக் கணக்கு அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த எச்சரிக்கையை எத்தனை ஆண்டாகச் சொல்லி வருகிறாரோ, ஒவ்வொரு சொல்லும் அவர் நாக்கிலேயே வழவழப்பாகித் தேய்ந்திருந்தது. நான் எழுத வேண்டியது எதுவுமில்லை, பொறுக்கி எடுக்க வேண்டியதுதான். அரை நிமிடத்துக்கு ஐம்பது தமிழ்ச்சொல்லுக்கு மேல் தாங்காது. நம் சொற்கள் நீளம். இப்படி வந்தது:

“ஈயச்சொம்பு வாங்குறீங்களா? ஒண்ணு சொல்றேன். வெறும் சொம்ப அடுப்புல வைக்காதீங்க. உருகிடும். மொதல்ல ரசத்த ஊத்துங்க, அப்புறம் அடுப்பப் பத்த வைங்க. சின்னத் தீ போதும். போன வாரம் ஒரு அம்மா, அடியில ஓட்டையோட கொண்டாந்து காட்டுறாங்க. நான் என்ன பண்றது? இங்கதான், தேரடிகிட்ட இருக்கேன். வாங்க, பாத்து எடுத்துக்கலாம்.”

விற்கும் பொருளின் குறையைச் சொல்லித் தொடங்குகிறதே என்று மகனுக்குத் தயக்கம். நான் விட்டுக்கொடுக்கவில்லை. “எங்கள் கடை அமைந்துள்ள இடம்” என்று 1996-ல் எழுதிய கை, “தேரடிகிட்ட இருக்கேன்” என்பதை அவரிடமிருந்து கேட்டு எழுதிக்கொண்டது. கடை இருக்கிறது என்று அவர் சொல்வதே இல்லை. தான் இருப்பதாகத்தான் சொல்கிறார்.

இதை அவர் மனப்பாடம் செய்யக் கூடாது. செய்தால் மறுபடி ஒப்புவிப்பார். தாளைக் காட்டவும் கூடாது. “வைக்காதீர்கள்” என்று அச்சடித்திருந்தால் அச்சடித்தபடியே படிப்பவர் அவர். கைப்பேசியை ஒட்டி, லென்ஸுக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு நான் வாடிக்கையாளர்போல் கேட்டேன்: “அண்ணே, இத அப்படியே அடுப்புல வைக்கலாங்களா?” அவர் என்னிடம் பேசினார். என் கேள்வியைப் பிறகு வெட்டிவிட்டோம். நடுங்கிய கைகளுக்குச் சொம்பைக் கொடுத்தோம். பொருள் வந்ததும் கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

ஒரு வரி மட்டும் கடைசிவரை இறுகியே வந்தது: கடையின் பெயர். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். கடைக்காரர் தன் கடைக்குள் நின்று தன் கடைப் பெயரை யாரிடம் சொல்கிறார்? அன்று குரல்காரர் நான்கு முறை முழங்கிய பெயர், முதலாளியின் வாய்க்குப் பழக்கமில்லாத பெயர். கடை போன் மணியடித்தபோதுதான் வழி தெரிந்தது. எடுத்துக் காதில் வைத்து, பெயரையும் ஸ்டோர்ஸையும் ஒட்டி ஒரே வீச்சில், கொஞ்சம் அவசரமாகச் சொன்னார். அதுதான் அவர் சொல்லும் விதம். அதையே எடுத்துத் தொடக்கத்தில் வைத்தோம்.

பழைய பாணி போனதில் வருத்தம் எனக்கு உண்டு. நாடவேண்டிய என்று எழுதியதில் ஓசை இருந்தது. அதைச் சொன்ன மனிதர் ழகரத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்த உச்சரிப்பைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைய பேச்சில் அந்தச் சுத்தம் இல்லை. அதோடு, புதிய இயல்புக்கும் அதற்குள் ஓர் அச்சு வந்துவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் முந்திரி விற்பவரும், பண்ருட்டியில் பலாப்பழம் விற்பவரும், “ஹாய் மக்களே” என்று ஒரே இழுப்பில் தொடங்குகிறார்கள். அன்று எல்லாக் கடைக்கும் ஒரே வானொலிக் குரல், இன்று எல்லாக் கடைக்கும் ஒரே ரீல்ஸ் குரல். முந்திரிக்காரர் தன் கடைக்கு வருகிறவரை ஒருநாளும் மக்களே என்று கூப்பிட்டிருக்க மாட்டார்.

படம் வெளியான வாரம் கடலூரிலிருந்து மறுபடி போயிருந்தேன். மஞ்சள் பையோடு ஒரு பாட்டி வந்து, சொம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள், “தெரியும் தம்பி, ரசத்த ஊத்திட்டுத்தான் அடுப்பு” என்றார். கடைக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. 1996-ல் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டு, சொம்பைத் தாளில் சுற்ற ஆரம்பித்தார்.