பாலின் கடைசி இரண்டு டிகிரி

கறந்த பால் குளிரூட்டும் நிலையத்துக்கு வரும்போது ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் இருக்கும். கிருமிகள் பெருகுவதற்குள் அதை 4 டிகிரிக்கு இறக்கியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது பிளேட் கூலர். வரிசையாக அடுக்கிய மெல்லிய எவர்சில்வர் தகடுகளின் ஒரு பக்கம் பால் ஓடும், மறுபக்கம் குளிர்ந்த நீர் எதிர்த்திசையில் ஓடும்.

மணிக்கு 5,000 லிட்டர் பால் வருவதாக வைத்துக்கொள்வோம். 1 டிகிரியில் நுழையும் நீர், மணிக்குச் சுமார் 12,000 லிட்டர் வீதம் ஓடி, 13 டிகிரியில் வெளியேறுகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால் இது நடக்கவே நடக்காது. 13 டிகிரி நீரை ஒட்டி ஓடும் பால் எப்படி 4 டிகிரிக்கு இறங்கும்? எதிர்த்திசை ஓட்டத்தில்தான், வெளியேறும் பால் புதிதாக நுழையும் 1 டிகிரி நீரைச் சந்திக்கிறது.

எத்தனை தகடு வேண்டும்? பால் நுழையும் முனையில் வெப்பநிலை வேறுபாடு 21 (34-க்கும் 13-க்கும் இடையே), வெளியேறும் முனையில் 3. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 12. இங்கேதான் கணக்கு தவறும். வேறுபாடு அதிகமாக உள்ள இடத்தில் வெப்பம் வேகமாகக் கடக்கிறது. அதனாலேயே அந்த வேறுபாடும் அங்கே வேகமாகக் கரைகிறது. தகட்டுப் பரப்பில் பாதியைக் கடந்ததுமே பால் ஏறக்குறைய 12 டிகிரிக்கு வந்துவிடும். வேறுபாடு 8-க்கும் கீழே போய்விடும். மிச்சமுள்ள பாதிப் பரப்பும் வெறும் 8 டிகிரியைக் குறைக்கத்தான் உழைக்கிறது. ஆகவே உண்மையான சராசரி, சிறிய எண்ணின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வைச் சரியாகப் பிடிப்பதுதான் மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு:

```
(21 − 3) / ln(21/3) = 18 / 1.946 ≈ 9.25
```

கடத்த வேண்டிய வெப்பம் சுமார் 167 கிலோவாட். ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 2.5 கிலோவாட் கடத்துவதாகக் கொண்டால், 167-ஐ 2.5-ஆலும் 9.25-ஆலும் வகுக்க, 7.2 சதுர மீட்டர் வருகிறது. 12 என்ற சாதாரணச் சராசரியை நம்பியிருந்தால் 5.6 சதுர மீட்டர் போதும் என்று வாங்கியிருப்போம். பால் 6 டிகிரியில் வெளியேறும்.

அந்த 2.5 என்ற எண்ணும் நிலையானதல்ல. தகட்டில் பால் படிவு ஏற ஏற அது குறையும். ஓட்டம் மாறாமலே, பால் வெளியேறும் வெப்பநிலை நாளுக்கு நாள் ஏறினால், தகடுகளைச் சரியாகக் கழுவவில்லை என்று சந்தேகிக்கலாம். கால்வாசி குறைந்தாலே பால் 6 டிகிரியைத் தொட்டுவிடும்.

சரி, 4 போதாது, 2 டிகிரி வேண்டும் என்று ஒருவர் கேட்டால்? நீர் அதே 1 டிகிரியில், அதே அளவில் வருகிறது. வெளியேறும் முனையில் வேறுபாடு 1 ஆகச் சுருங்குகிறது. மடக்கைச் சராசரி 6.4-க்கு இறங்குகிறது. தேவைப்படும் பரப்பு 11 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. முதல் 30 டிகிரிக்கு 7.2 சதுர மீட்டர் போதுமாக இருந்தது. கடைசி 2 டிகிரிக்கு மட்டும் ஏறக்குறைய 4 சதுர மீட்டர்.