ஈ.எஸ்.ஆர். 48 என்றால் வாதமா?

மூட்டுவலி என்று டாக்டரிடம் போனால், எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் பெரும்பாலும் இருக்கும். மாலையில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். டாக்டரைப் பார்ப்பதோ மறுநாள்தான். நடுவில் இருக்கும் அந்த ஓர் இரவில், தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். "ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்கு, அப்ப வாதம்தான்" என்று ஒருவர் சொல்ல, தெரிந்தவர் ஒருவர் பரிந்துரைத்த மாத்திரை அன்றைக்கே ஆரம்பமாகிவிடுவதும் உண்டு.

52 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு முழங்காலிலும் வலி. மாடிப்படி ஏறும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும் கூடுகிறது. காலையில் எழுந்தால் கால் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். பத்து நிமிடம் நடந்தால் சரியாகிவிடும். விரல்களில், மணிக்கட்டில் தொந்தரவு இல்லை. ரிப்போர்ட்டில் ஈ.எஸ்.ஆர். 48 என்று வந்திருக்கிறது; பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவோ 20 வரைதான். ஆனால் சி.ஆர்.பி. வெறும் 3. ஒன்று எகிறியிருக்கிறது, இன்னொன்று அசையவே இல்லை. எதை நம்புவது?

இரண்டும் எதை அளக்கின்றன என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். ஈ.எஸ்.ஆர். மிக எளிமையான சோதனை. ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்து, மெல்லிய நீளமான கண்ணாடிக் குழாயில் நிரப்பி, செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள். சிவப்பணுக்கள் மெதுவாகக் கீழே இறங்கும். மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து, அந்தத் தெளிந்த பகுதி எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கிறார்கள். அதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். ஸ்வீடனைச் சேர்ந்த வெஸ்டர்கிரென் 1921-ல் வகுத்த முறை இது. இன்றும் பல ரிப்போர்ட்டுகளில் சோதனை முறை என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும்.

சாதாரணமாகச் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று விலக்கும். தனித்தனியாக இருப்பதால் மெதுவாகவே இறங்கும். உடலில் எங்காவது அழற்சி ஏற்பட்டால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ரத்தத்தில் கூடும். அது இருக்கும்போது அணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அடுக்கு கனமானது, சீக்கிரம் இறங்கும், எண் ஏறும். ஆக, ஈ.எஸ்.ஆர். அழற்சியை நேராக அளப்பதில்லை. அழற்சியால் ரத்தத்தில் நேர்ந்த ஒரு மாற்றத்தின் விளைவைத்தான் அளக்கிறது. அதே விளைவை வேறு காரணங்களும் உண்டாக்கும்.

அவற்றில் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது ரத்தசோகை. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் குழாயில் நெரிசல் இல்லை. இருப்பவை வேகமாக இறங்கிவிடும். கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன் ஆகியவையும் எண்ணை ஏற்றும். வயது ஏற ஏற அதுவும் கொஞ்சம் ஏறும். பெண்களுக்கு ஆண்களைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மருத்துவர்கள் கையாளும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி. அதன்படி 52 வயதுப் பெண்ணுக்கு 31 வரை இயல்பாக எடுத்துக்கொள்ளலாம். பல லேப்கள் எல்லா வயதுக்கும் ஒரே அளவை அச்சடித்துவிடுவதால், நல்ல நிலையில் இருக்கும் முதியவர்களின் ரிப்போர்ட்டிலும் தடித்த எழுத்து வந்து பயமுறுத்துகிறது. குழாய் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும், அறை சூடாக இருந்தாலும்கூட எண் கூடும்.

சி.ஆர்.பி. வேறு வகை. அது ஒரு குறிப்பிட்ட புரதம். அழற்சி தொடங்கியதும் அங்கிருந்து கிளம்பும் ரசாயனச் செய்தி கல்லீரலை எட்டும். கல்லீரல் இந்தப் புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடும். சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சம் தொடும். காரணம் நீங்கியதும் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஃபைப்ரினோஜனோ ஆற அமரத்தான் இறங்கும். அதனால் போன வாரம் வந்துபோன காய்ச்சலுக்கு சி.ஆர்.பி. இறங்கிவிட்டிருக்கும், ஈ.எஸ்.ஆர். மட்டும் இன்னும் உயர்ந்தே நிற்கும். ரத்தசோகை சி.ஆர்.பி.யை ஈ.எஸ்.ஆர். அளவுக்குக் குழப்பாது என்பது இன்னொரு வசதி.

இப்போது அந்தப் பெண்மணியின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதே தாளில் இன்னொரு வரியில் ஹீமோகுளோபின் 8.4 என்று இருக்கிறது. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். மூட்டுவலிக்காக எடுத்த சோதனை என்பதால் அந்த வரியை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. டாக்டர் கேட்டபோதுதான், மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு பல மாதங்களாக இருப்பது வெளியே வந்தது. 48 என்ற எண்ணுக்கு ரத்தசோகையே பெரும் காரணம். முழங்காலில் இருப்பது தேய்மானம். மூட்டுத் தேய்மானத்தில் இந்த இரண்டு எண்களும் பொதுவாக ஏறுவதில்லை. இவருக்குத் தேவை ரத்தப்போக்குக்கான சிகிச்சை, இரும்புச்சத்து, முழங்காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு. சில மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறும்போது ஈ.எஸ்.ஆர். தானாகவே இறங்கும். இறங்கவில்லை என்றால் மட்டும் மேற்கொண்டு தேட வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இதற்கு நேர் எதிரான ரிப்போர்ட். 36 வயதுப் பெண். விரல்களின் அடிக்கணுக்களிலும் இரண்டு மணிக்கட்டுகளிலும் இரண்டு மாதமாக வீக்கம். காலையில் தண்ணீர்க் குழாயைத் திருக முடியவில்லை, பிள்ளைக்குத் தலை பின்ன முடியவில்லை. விரல்கள் இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஈ.எஸ்.ஆர். 18, சி.ஆர்.பி. 4. இரண்டும் நார்மல். "ரத்தத்தில் ஒண்ணும் இல்லையே" என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள், அவரும் விட்டுவிடுகிறார். ஆனால் இது முடக்குவாதமாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. முடக்குவாதம் உள்ளவர்களில் பத்தில் நான்கு பேருக்கு, முதன்முதலில் டாக்டரிடம் வரும்போது இந்த எண்களில் ஒன்று நார்மலாக இருப்பது சகஜம். சிறு மூட்டுகளில் இருக்கும் அழற்சி ரத்தத்தில் தெரியும் அளவுக்கு எப்போதும் பெருகுவதில்லை.

முடக்குவாதத்தை வகைப்படுத்த 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத நிபுணர் சங்கங்கள் சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறையைப் பார்த்தாலே இந்தச் சோதனைகளின் இடம் புரியும். மொத்தம் 10 மதிப்பெண். 6 வந்தால் முடக்குவாதம் எனக் கொள்ளலாம். எத்தனை மூட்டு, எந்த மூட்டு என்பதற்கு 5 வரை தருகிறார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. சோதனைகளுக்கு 3 வரை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சேர்ந்தே எகிறினாலும் கிடைப்பது 1 மதிப்பெண்தான். மூட்டைத் தொட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த 36 வயதுப் பெண்ணுக்கு வேண்டியது விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும் ஒரு மருத்துவர், ஆன்டி சி.சி.பி. சோதனை, தேவைப்பட்டால் மூட்டு ஸ்கேன். எண் ஏறட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தால் அதற்குள் எலும்பு அரிக்கத் தொடங்கிவிடலாம். மருந்து சீக்கிரம் தொடங்கினால் மூட்டு பிழைக்கும்.

நோய் உறுதியாகி மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து ஆரம்பித்த பிறகுதான் இந்த எண்கள் உண்மையில் கைகொடுக்கும். தொடக்கத்தில் 40 இருந்த சி.ஆர்.பி. மூன்று மாதத்தில் 8 ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அப்படி ஒப்பிட வேண்டுமானால் ஒரே லேப்பில் எடுப்பது நல்லது. அலகையும் பாருங்கள். சில லேப்கள் mg/L என்று தருகின்றன, சில mg/dL என்று. இரண்டாவது முறையில் 1.2 என்றால் முதல் முறையில் 12. புது லேப்புக்கு மாறியவர், 12 இருந்தது 1.2 ஆகிவிட்டது என்று மகிழ்ந்து மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருந்துகளும் எண்ணை மாற்றும். ஸ்டீராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு போனால் இரண்டும் இறங்கியே காட்டும். நோயின் உண்மை நிலை தெரியாது. டோசிலிசுமாப் என்ற ஊசி போடுபவர்களுக்கு, கல்லீரலுக்குப் போகும் செய்தியையே அது தடுத்துவிடுவதால், கடுமையான தொற்று இருந்தாலும் சி.ஆர்.பி. உயராமல் போகலாம். அவர்கள் காய்ச்சல் வந்தால் "சி.ஆர்.பி. நார்மல்தானே" என்று இருந்துவிடக் கூடாது.

ஈ.எஸ்.ஆர். 100-ஐத் தாண்டினால் மட்டும் வயதையும் ரத்தசோகையையும் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். காசநோய், ஆழத்தில் இருக்கும் தொற்று, மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோய் என்று பலவற்றையும் டாக்டர் தேடிப் பார்க்க வேண்டிய எண் அது. அதேபோல, ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, தொட்டால் சுட்டு, அசைக்க முடியாமல் காய்ச்சலும் சேர்ந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அதை உறுதி செய்வது மூட்டிலிருந்து ஊசியால் எடுக்கும் நீர்தான். அந்த நேரத்தில் சி.ஆர்.பி. எவ்வளவு என்பது இரண்டாம்பட்சம்.

இந்தச் சோதனைகளுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு இவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: காலையில் மூட்டு எத்தனை நிமிடம் பிடித்திருக்கிறது, எந்தெந்த மூட்டு வீங்குகிறது, கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்ததா, கடையில் வாங்கியது உட்பட என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். வீக்கம் வந்துவந்து போகிறது என்றால், வீங்கியிருக்கும்போது செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.