ஐஸ்கிரீம் எந்த இடத்தில் உருக வேண்டும்?

சூடான பிரவுனி, அதன்மேல் ஒரு வெனிலா ஸ்கூப், பக்கவாட்டில் வழிந்திறங்கும் வெள்ளைக் கோடு. கஃபே போஸ்டர்களில் அடிக்கடி பார்க்கும் இந்தப் படத்தில் கீழே சூடும் மேலே குளிரும் இருக்கின்றன. படத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் இரண்டையும் பார்ப்பவருக்கு உணர்த்த வேண்டிய பொறுப்பு அந்த உருகலுக்குத்தான்.

உறைந்த ஐஸ்கிரீமின் மேற்பரப்பு சொரசொரப்பானது. ஒளியைச் சிதறடிப்பதால் அது மங்கலாகத் தெரியும். உருகத் தொடங்கியதும் மேலே ஒரு திரவப் படலம் படர்ந்து பளபளக்கும். மங்கலைக் குளிர் என்றும் பளபளப்பை உருகல் என்றும் கண் தானாகவே புரிந்துகொள்கிறது. ஆகவே ஸ்கூப்பின் மேல்பகுதி மங்கலாகவும், பிரவுனியைத் தொடும் அடிவிளிம்பு மட்டும் ஈரமாகவும் இருந்தால், சூடு கீழிருந்து வருகிறது என்பது சொல்லாமலே விளங்கும். உச்சியும் பளபளத்தால், மேசையில் மறந்து வைத்த ஐஸ்கிரீமாகத்தான் அது தெரியும்.

நிஜமாகவே சூடான பிரவுனியில் வைத்தால் அடி சீக்கிரமே கரைந்து, கேமராவைச் சரிசெய்வதற்குள் ஸ்கூப் சாய்ந்துவிடும். எனவே ஆறிய பிரவுனியை வைத்து, வழிவதைக் கையால் உண்டாக்குவதே நடைமுறை. டப்பாவை வெளியே எடுத்துச் சற்று இளகவிட்டு ஸ்கூப் எடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் உதிரும். மிகவும் இளகினால் வழவழப்பாகி, சொரசொரப்பே வராது. கரண்டியை அழுத்தி உருட்டும்போது அடியில் பிதுங்கி நிற்கும் கரடுமுரடான ஓரத்தைச் சீவிவிடக் கூடாது. நிஜ ஐஸ்கிரீம் என்று கண்ணை நம்பவைப்பது அந்த ஓரம்தான். நாலைந்து ஸ்கூப்களை பட்டர் பேப்பர் விரித்த தட்டில் வைத்து மீண்டும் ஃப்ரீசருக்கு அனுப்பி, நன்றாக இறுகவிட வேண்டும். பெரிய படப்பிடிப்புகளில் டிரை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைப்பார்கள். அது சுமார் மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொடக் கூடாது, காற்றோட்டமில்லாத அறையில் வைக்கக் கூடாது, பெட்டியை இறுக மூடவும் கூடாது.

விளக்கும் கோணமும் சரியாகும்வரை தட்டில் இருப்பது ஒரு மாற்று ஸ்கூப். எல்லாம் தயாரான பிறகே நல்ல ஸ்கூப் வெளியே வரும். அதே டப்பா ஐஸ்கிரீமில் கொஞ்சத்தை முழுக்க உருகவிடாமல், குழைந்த கூழாகக் கலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுக்க உருகியது பாலாக ஓடிவிடும். அடி ஓரத்தில் இயல்பாகவே பள்ளம் இருக்கும் இடங்களில் மட்டும் விட்டால், கூழ் தன் வழியைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒரே நீளத்தில் மூன்று கோடுகள் வரிசையாக இறங்கினால் வரைந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று நீளமாகவும், ஒன்று பாதியிலும், ஒன்று இறங்கத் தயங்கும் துளியாகவும் நிற்கட்டும்.

சாக்லெட் சாஸும் இப்படித்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஸ்கூப்பில் பள்ளம் தோண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தபடியே ஊற்றினால் களி மாதிரி உட்கார்ந்துவிடும். விரலில் வைத்தால் சூடோ குளிரோ தெரியாத பதத்தில் இருக்க வேண்டும். ஸ்கூப்பில் ஈரம் இருந்தால் சாஸ் பிடிக்காமல் வழுக்கிவிடும் என்பதால், அந்த இடத்தில் டிஷ்யூவால் மெல்ல ஒற்றியெடுப்பது நல்லது.

ஆவி காட்டுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சூடான பண்டத்தின் ஆவி மேலே எழும். ஐஸ்கிரீமைச் சுற்றி வரும் குளிர்ப்புகை கனமாகக் கீழே இறங்கும். ஸ்கூப்பின் உச்சியிலிருந்து புகை கிளம்பினால், ஐஸ்கிரீமே கொதிப்பதுபோல் ஆகிவிடும். ஆவி வேண்டுமானால் பிரவுனியின் பின்பக்கத்திலிருந்து எழட்டும். பக்கத்தில் வைக்கும் தண்ணீர் டம்ளரில் துளிகள் அரும்பியிருக்கலாம். சூடானது என்று காட்டும் தட்டில் அவை இருந்தால் முரண்படும்.

பின்னணிக்கு வருவோம். வெள்ளைச் சுவரின் முன் வெனிலா வழிவது காணாமலே போய்விடும். கருமை கலந்த நீலமோ சாம்பலோ பூசிய, பளபளப்பில்லாத பலகை ஒன்று போதும். வெள்ளைக் கோட்டின் விளிம்பும் ஆவியும் அதில் துலங்கும். ஜன்னல் வெளிச்சம் பின்பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து வந்தால் சொரசொரப்பின் நிழல்கள் அழிந்து ஸ்கூப் தட்டையாகிவிடும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் பிரவுனி முழுக் கறுப்பாகாது. செல்போன் தானாகவே படத்தில் மஞ்சளைக் கூட்டியிருந்தால் குறைத்துவிடுங்கள். மஞ்சளடித்த வெனிலா வெண்ணெயாகத் தெரியும், குளிர்ச்சி போய்விடும்.

ஐஸ்கிரீமுக்குப் பதில் உருளைக்கிழங்கு மசியலை வைத்து எடுக்கும் பழைய தந்திரமும் உண்டு. ஆனால் விற்பதே ஐஸ்கிரீம் என்னும்போது அதை நான் ஏற்க மாட்டேன். தாவரக் கொழுப்பில் செய்த ஃப்ரோசன் டெசர்ட்டைப் பரிமாறும் கடை, போஸ்டரில் 'ஐஸ்கிரீம்' என்று எழுதவும் கூடாது. இந்திய உணவு விதிகளில் இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஸ்கூப்பின் உச்சியை மட்டும் பாருங்கள். அங்கேயும் பளபளப்பு ஏறியிருந்தால் அந்த ஸ்கூப்பின் நேரம் முடிந்துவிட்டது. ஃப்ரீசரில் காத்திருக்கும் அடுத்ததை எடுக்க வேண்டியதுதான்.